சேலத்தில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று: ஒரே எஸ்.எம்.எஃப். பேட்டரியின் இரண்டு ஆயுள்

அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் டிசைன் கடைக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் ஒரே சமயத்தில், ஒரே மாடல் யு.பி.எஸ். வாங்கினோம். தலா மூன்று 12 வோல்ட், 42 ஆம்பியர் அவர் எஸ்.எம்.எஃப். பேட்டரிகள், அதாவது பராமரிப்பு வேண்டாத மூடிய வகை. கரண்ட் அடிக்கடி போவது என்னவோ மலையில்தான். ஆனால் அங்கே இருப்பவை ஐந்து வருஷம் கடந்தும் உழைக்கின்றன. கடையில் இருந்தவை மூன்றாவது கோடையைத் தாண்டவில்லை.

காரணம் வெயில்தான். கடையில் பேட்டரிகள் மேஜைக்கு அடியில், யு.பி.எஸ். விசிறி சூடான காற்றை ஊதும் பக்கம் இருந்தன. சித்திரை மதியத்தில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும்.

இந்த வகை பேட்டரியில் அமிலம் தளும்பாது. தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். சார்ஜ் நிறைந்த பிறகு பாசிட்டிவ் தகட்டில் ஆக்சிஜன் கிளம்பும். அது பஞ்சு வழியே நெகட்டிவ் தகட்டுக்குப் போய்த் திரும்பவும் தண்ணீராகிவிடும். அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையே இல்லை. வாயு அதிகமாகி உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் வால்வு திறந்து கொஞ்சம் வெளியே விட்டு மூடிக்கொள்ளும். வால்வு என்றால் பெரிய சாதனம் இல்லை. ஒவ்வொரு செல்லின் மேலும் குப்புறக் கவிழ்த்த ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் தொப்பி, அவ்வளவுதான். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் போகிற வாயு, உள்ளே இருந்த தண்ணீர். திரும்ப வராது.

சூடு ஏறினால் அதே சார்ஜிங் வோல்டேஜிலும் பேட்டரி அதிகக் கரண்ட் இழுக்கும். வாயு பெருகும், வால்வு அடிக்கடி திறக்கும், தகட்டுக் கம்பியும் வேகமாக அரிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு.

வறண்டதை மல்டிமீட்டர் மட்டும் காட்டிக்கொடுக்காது. தண்ணீர் குறைந்தால் அமிலம் கெட்டியாகும். அதனால் ஓய்வில் 12.9 வோல்ட் என்று நல்ல பேட்டரி மாதிரியே காட்டும். லோடு போட்டதும் சரசரவென்று 10.5-க்கு இறங்கிவிடும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது தராசில்தான். கடைப் பேட்டரி மலைப் பேட்டரியைவிட சுமார் 300 கிராம் குறைவாக இருந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டு மேல்மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் பஞ்சு வெளிறி, தகட்டை விட்டு விலகி நின்றது.

அந்தத் தொப்பியைத் தூக்கிச் சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்ச நாள் உயிர் வரும், ஆனால் அரித்துப்போன தகடு திரும்பாது. புதிய செட்டைச் சூடான காற்று படாத சுவரோரம், ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு வைத்திருக்கிறோம். சர்வீஸ்காரரிடம் சொல்லிச் சார்ஜரோடு வெப்பச் சென்சாரும் இணைத்தாயிற்று. 25 டிகிரியில் பேட்டரிக்கு 13.65 வோல்ட் தரும் சார்ஜர், 40 டிகிரியில் தானாகவே 13.4 பக்கம் இறங்கிக்கொள்கிறது.