கக்கலும் மாலை அழுகையும்: இரண்டுக்கும் ஒரே மருந்தா?

பிறந்தபோது 3.2 கிலோ, எட்டு வாரத்தில் 5 கிலோ. புட்டிப்பால் குடிக்கும் ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். குடித்ததும் வாயோரம் பால் வழிகிறது, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வீறிட்டு அழுகிறது. வீட்டில் "உரம் விழுந்திருக்கு" என்பார்கள், கடையில் 'ஆசிட்' என்று சொட்டு மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள், ஒரே வயதில் வருவதால் ஒரே நோயாகத் தெரிகின்றன.

கக்கல் என்பது முக்கல் முனகல் இல்லாமல் வழிவது. நான்காம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். கோலிக் எனப்படும் இந்த மாலை அழுகை ஆறாவது வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் ஓயும். பெரும்பாலும் பாலோடு அதற்குச் சம்பந்தமில்லை, நேரத்தோடுதான். நம் குழந்தை நாளுக்குச் சுமார் 32 கிராம் ஏறியிருக்கிறது. இப்படி எடை கூடி, குடிக்க மறுக்காத குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்து அழுகையைக் குறைப்பதில்லை, தொற்று அபாயத்தைத்தான் கூட்டுகிறது. வசம்பு உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம்.

அப்படியானால் கக்கலுக்கு என்ன? முதலில் அளவைக் கணக்கிடுங்கள். இந்தக் குழந்தைக்கு இப்போது தருவது 120 மில்லி, எட்டு வேளை: நாளுக்கு 960 மில்லி. கிலோவுக்கு 150 மில்லி என்றால் 750 போதும், அதாவது வேளைக்கு 90, 95 மில்லி. நிரம்பி வழியும் குடத்துக்கு வைத்தியம் கெட்டியான தண்ணீர் அல்ல.

அளவு குறைத்து, ஏப்பம் விடவைத்தும் தொல்லையாகவே இருந்தால்தான் கெட்டியாக்கிய பால். மருத்துவர் சொல்லும் வகையை ஒன்றிரண்டு வாரம் முயலலாம். வெளியே வருவது குறையும், ஆனால் உள்ளே மேலெழும் அமிலம் பெரிதாகக் குறையாது. தாய்ப்பாலில் அரிசி மாவைக் கலந்தால், தாய்ப்பாலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து மறுபடி நீர்த்துப்போகச் செய்யும். பவுடரைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாக்குவது ஆபத்து. கேழ்வரகுக் கூழை ஆறு மாதத்துக்கு முன் தொடவே வேண்டாம். சாந்தன் கோந்து சேர்ந்த வகை குறைமாதக் குழந்தைக்குக் கூடாது, குடல் அழற்சி வரலாம்.

வாந்தி பச்சையாக இருந்தால் மட்டும் எதையும் முயன்று பார்க்க வேண்டாம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத் தாமதமே ஆபத்து. இரவானாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற, அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குக் கிளம்புங்கள். இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள், குடித்ததெல்லாம் பீய்ச்சியடித்து, உடனே மறுபடி பசியோடு அழுதால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. ரத்தம், காய்ச்சல், உப்பிய வயிறு, புடைத்த உச்சிக்குழி இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. எடை ஏறாமை, ஆறு மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் கக்கல், ஒரு வயதுக்குப் பின்னும் நிற்காத கக்கல் இவை அவசரமல்ல, ஆனால் காரணம் தேட வேண்டியவை.