நெகட்டிவின் ஆரஞ்சு: கழிப்பதா, வகுப்பதா?

பழைய குடும்பப் படத்தின் கலர் நெகட்டிவை ஸ்கேன் செய்து Invert கொடுத்தால் முகமெல்லாம் நீலம் பூத்து நிற்கும். வெற்று ஃபிலிமுக்கே உள்ள ஆரஞ்சின் எதிர்நிறம் அது. உடனே பெரும்பாலானோர் ஆட்டோ கலரை அழுத்துகிறார்கள். நானும் பல நாள் அப்படித்தான் செய்தேன். பின்னணியில் சிவப்புத் திரை தொங்கிய படங்களில்தான் பிசகு பிடிபட்டது. ஆட்டோவுக்குத் திரை எது, நிறச்சாய்வு எது என்று தெரியாது. சிவப்பைக் குறைக்கும், அப்போது கன்னத்தில் இருந்த சிவப்பும் போய் முகம் பச்சையடிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. வெற்று ஃபிலிம் சிவப்பு ஒளியில் 60 சதவீதத்தையும் நீலத்தில் 15 சதவீதத்தையும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டைக் காலர் பதிந்த இடம் அதில் பத்தில் ஒரு பங்கை விடும்: சிவப்பு 6, நீலம் 1.5. வித்தியாசம் ஓரிடத்தில் 45, இன்னோரிடத்தில் 4.5. எந்த ஒரே அளவைக் கழித்தாலும் இரண்டும் சரியாகாது. ஆனால் விகிதம் இரண்டிலும் 4:1. ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் வெற்று ஃபிலிமின் அளவால் வகுத்தால் இரண்டும் ஒன்றாகச் சரியாகும்.

வகுக்க எளிய வழி GIMP என்ற படத்திருத்த மென்பொருள். Invert செய்வதற்கு முன்பே Levels திறந்து, வெள்ளைப் புள்ளி எடுக்கும் பிக்கரால் ஃபிரேம்களுக்கு இடையிலுள்ள வெற்றுப் பட்டையைத் தொடுங்கள். ஃபிலிம் ஓரத்துத் துளைமேல் படக்கூடாது, அங்கே ஃபிலிமே இல்லை. அப்புறம் Invert. சாய்வு பெருமளவு போய்விடும். ஆனால் நெற்றியும் கன்னமும் சேர்ந்து வெளிறி நிற்கும். கர்வில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

என் தேர்வு darktable என்ற மென்பொருளில் நெகட்டிவைத் திருப்பவே உள்ள negadoctor. அதில் வெற்று ஃபிலிமின் நிறத்தைக் குறிக்கும் D min-க்கு அதே வெற்றுப் பட்டையைக் கொடுத்தால் போதும். அடர்த்திக் கணக்கில் திருப்புவதால் முகத்தின் மேடுபள்ளம் தங்கும். ஒரே ரோலின் மற்ற படங்களுக்கும் அதே D min-ஐ நகலெடுக்கலாம், ஸ்கேன் எக்ஸ்போஷர் மாறாதவரை. அதனால் ஸ்கேனரின் ஆட்டோ திருத்தங்களை அணைத்து, 16 பிட்டில், நெகட்டிவாகவே சேமியுங்கள். பட்டை தெரிகிற மாதிரி கொஞ்சம் அகலமாகவே ஸ்கேன் செய்யுங்கள். பட்டையை வெட்டிவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, இதற்குப் பிறகும் தலைமுடி நீலமாகவும் காலர் மஞ்சளாகவும் தெரிந்தால்? மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்கவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஸ்லைடரால் இதைத் தீர்க்க முடியாது. நீலத்தைக் குறைத்தால் காலர் இன்னும் மஞ்சளாகும். negadoctor-இல் shadows color cast, highlights white balance இரண்டும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். முதலில் முடியைச் சரிசெய்து, பிறகு காலருக்கு வாருங்கள். தோலை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். முடியும் காலரும் நேரானால் முகம் தானாக வந்து சேரும்.