ஒற்றைக் கால் ஆப்ஷனா, புல் கால் ஸ்ப்ரெட்டா?

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் காபி குடித்துக்கொண்டே நண்பர் கேட்டார்: "நிஃப்டி ஏறும் என்று தோன்றுகிறது சார். கால் ஆப்ஷன் மட்டும் வாங்கட்டுமா, மேலே ஒன்றை விற்றும் விடட்டுமா?" டம்ளரை வைத்துவிட்டு, பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.

நிஃப்டி 25,000-ல் நிற்கிறது, எக்ஸ்பைரிக்கு இன்னும் 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். 25,000 கால் 200 ரூபாய், 25,300 கால் 80 ரூபாய். ஒரு லாட்டுக்கு 65 யூனிட். கால் மட்டும் வாங்கினால் செலவு 13,000 ரூபாய். எக்ஸ்பைரியில் நிஃப்டி 25,200-ஐத் தாண்டினால்தான் லாபம். கூடவே 25,300 காலை விற்றால் அது புல் கால் ஸ்ப்ரெட்; 80 ரூபாய் திரும்பி வருவதால் நிகரச் செலவு 120, அதாவது 7,800 ரூபாய். லாப நஷ்டமில்லாத புள்ளியும் 25,120-க்கு இறங்கிவிடும். இரண்டிலும் அதிகபட்ச நஷ்டம் கொடுத்த பணம்தான்.

இந்தச் சலுகைக்குக் கொடுக்கும் விலை லாபத்தில் தெரியும். ஸ்ப்ரெட்டில் 300 புள்ளி இடைவெளியில் 120 போக 180 புள்ளிதான் உச்சம். லாட்டுக்கு 11,700 ரூபாய். தனிக் காலுக்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் 25,300-ஐத் தாண்டியதுமே ஸ்ப்ரெட் தோற்றுவிடும் என்று நண்பர் நினைத்தார். அப்படியில்லை. 25,300-ல் தனிக் கால் தருவது 100 புள்ளிதான். இரண்டும் சமமாவது 25,380-ல். விற்றதில் கிடைத்த 80 ரூபாய் அதுவரை தாங்குகிறது. அதற்கு மேலும் போகும் என்று நம்புகிறவருக்கே தனிக் கால் பொருந்தும். 12 நாளில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும்; நானாக இருந்தால் ஸ்ப்ரெட்தான் எடுப்பேன்.

ஆனால் இதெல்லாம் எக்ஸ்பைரி அன்றைய கணக்கு. ஒரே வாரத்தில் நிஃப்டி 25,400 போய்விட்டது, இன்னும் 5 நாள் மீதம் என்றால் திரையில் 180 புள்ளி தெரியாது. 25,000 கால் சுமார் 420, 25,300 கால் சுமார் 185 என்று விலை இருக்கலாம். வித்தியாசம் 235, லாபம் 115. தனிக் கால் வைத்திருப்பவரோ 220 புள்ளி லாபத்தில் இருப்பார். விற்ற காலில் கால மதிப்பு இன்னும் கரையாததுதான் காரணம். வேகமாக ஏறி, உடனே வெளியேற நினைப்பவருக்கு ஸ்ப்ரெட் எரிச்சலூட்டும்.

இன்னொன்று மார்ஜின். விற்ற காலுக்காக புரோக்கர் மார்ஜின் பிடிப்பார். வாங்கிய கால் கூடவே இருப்பதால் அது குறையும், இருந்தாலும் 7,800 ரூபாய் மட்டும் கணக்கில் இருந்தால் ஆர்டர் நிராகரிக்கப்படலாம். நுழையும்போது முதலில் வாங்கிவிட்டு, பிறகு விற்க வேண்டும். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்க வேண்டும். வரிசை மாறினால் விற்ற கால் பாதுகாப்பில்லாமல் நின்று, மார்ஜின் ஒரே அடியாக எகிறும்.

நண்பர் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காபிக்கான காசை நான்தான் கொடுத்தேன்.