வரியா, மேல்வரியா: ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

2021 நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியைக் குறைத்த பிறகும், ஒரு லிட்டர் பெட்ரோலில் அதற்கு 27.90 ரூபாய் கிடைத்தது. அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1.40 ரூபாய். மீதி 26.50 ரூபாயும் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் மேல்வரியாக வந்தது.

வாகன ஓட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். மாநிலங்களுக்கு அப்படியல்ல. அடிப்படை வரி, ஒன்றிய அரசு மாநிலங்களோடு பங்கிடும் பகிர்வுத் தொகுப்பில் சேரும். 15ஆவது நிதிக்குழுவின்படி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு உரியதாக இருந்தது. செஸ்ஸையும் கூடுதல் தீர்வையையும் அரசமைப்பின் 270ஆவது பிரிவு அத்தொகுப்பிலிருந்து விலக்கிவிடுகிறது.

ஆகவே அந்த லிட்டரில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 57 காசு. 27.90 ரூபாயும் அடிப்படை வரியாக இருந்திருந்தால் 11.44 ரூபாய் கிடைத்திருக்கும்.

செஸ்ஸுக்கு ஒரு நியாயம் உண்டு: சாலை போன்ற குறிப்பிட்ட நோக்கத்துக்கு நிதி உறுதியாகிறது. அந்தப் பணம் திட்டங்கள் வழியாக மாநிலங்களுக்கு ஓரளவு திரும்பவும் செய்கிறது. ஆனால் அது நிபந்தனையோடு வருகிறது. பகிர்வு நிதியையோ மாநிலம் பள்ளிக்கும் செலவிடலாம், மருத்துவமனைக்கும் செலவிடலாம். தற்காலிகத் தேவைக்கு செஸ் பொருந்தலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வசூலை அடிப்படை வரியாக்குவதே நேர்மை.