அரிசிக் கலவைக் கணக்கு: குறுக்குமுறையா, சமன்பாடா?

கிளிநொச்சிப் பிள்ளைகள் இந்த இரண்டு முறைகளில் எது நல்லது என்று கேட்டு, படம் எடுத்து அனுப்பும் கணக்கு: கிலோ 220 ரூபா நாட்டரிசியையும் 260 ரூபா சம்பாவையும் எந்த விகிதத்தில் கலந்தால் கிலோ 235 ரூபா அடங்கும்?

குறுக்குமுறை (அலிகேஷன்): 260−235=25 நாட்டரிசிப் பங்கு, 235−220=15 சம்பாப் பங்கு. ஆகவே 5:3. இரண்டே கழித்தல்தான், ஆனால் பங்குகளை மாற்றி எழுதிவிடுவார்கள். 235 ரூபா 220க்குத்தான் கிட்ட. அப்படியென்றால் நாட்டரிசிதான் கூட வரவேண்டும். 3:5 வந்தால் பிழை.

சமன்பாடு: நாட்டரிசி x கிலோ, சம்பா y கிலோ என்றால் 220x+260y=235(x+y), அதாவது 15x=25y, ஆகவே x:y=5:3. நேரம் கொஞ்சம் கூடும், பங்கு மாறாது.

இரண்டு வகை அரிசி மட்டும் என்றால் குறுக்குமுறையே போதும். மூன்றாவது வகையும் அதன் அளவும் தந்திருந்தால் சமன்பாடுதான் வசதி.

அப்புறம், படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். 235 இலாபத்தோடு விற்ற விலையாக இருந்தால், முதலில் கொள்விலையைக் கண்டுபிடிக்க வேண்டும்.