போனஸ் முடியும் நேரம் நம் ஊர்க் கடிகாரத்தில் இல்லை

மொபைல் விளையாட்டில் டாப்-அப் போனஸுக்காகப் பணம் கட்டுகிறவர்களும், பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். பணம் வைத்து ஆடும் சூதாட்டம் இல்லை இது. காசு கொடுத்து வைரம் வாங்கி, அதில் உடையும் ஆயுதமும் எடுக்கும் சாதாரண விளையாட்டு. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்த அப்பத்தா கொடுத்த காசைச் சேர்த்து வைத்திருந்தான். மே 10 வரை டாப்-அப் சலுகை. மொத்தம் 500, 1,000, 1,500, 2,000 வைரம் என்று ஒவ்வொரு படியைத் தொடும்போதும் ஒரு பரிசு. 1,500 வரை வாங்கிவிட்டான். மூன்று பரிசுகள் அவனுக்குச் சேர வேண்டியவை. நாலாவதையும் தொட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 'Claim' பொத்தானை அழுத்தாமலே விட்டிருந்தான்.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் பார்த்தோம். முகப்பில் சலுகைப் படத்தின் மேல் `1d` என்று இருந்தது. சரி, நாளை முழுக்க இருக்கிறது என்று விட்டுவிட்டோம். மறுநாள் நான் விளக்குத்தூண் கடையிலிருந்து வீடு வந்து சேர ஒன்பது தாண்டிவிட்டது. 9.20-க்கு யுபிஐ-யில் 449 ரூபாய் போட்டேன். வங்கியில் பணம் போய்விட்டது, விளையாட்டில் 'Pending' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. 9.34-க்கு 500 வைரம் வந்து விழுந்தது. சலுகைப் பக்கத்தைத் திறந்தால் சலுகை முடிந்துவிட்டிருந்தது. நாலாவது பரிசு மட்டுமில்லை, ஏற்கெனவே சம்பாதித்திருந்த மூன்றும் சேர்ந்து போய்விட்டன. "அப்பா, இன்னும் பத்து மணிகூட ஆகலையே" என்றான் பையன்.

விதியை அப்புறம்தான் தேடிப் படித்தேன். சலுகைப் பக்கத்தின் மூலையில் ஒரு கேள்விக்குறி, அதற்குள் கடைசி வரியில் `10 May 23:59 (UTC+8)`. UTC என்பது உலகப் பொது நேரம்; நம் நேரம் UTC+5:30. இரண்டரை மணி நேரம் கழித்தால் இரவு 9.29. அதாவது நமக்கு மே 10 முடியுமுன்பே அவர்களுக்கு முடிந்துவிட்டது.

இதில் பையன் ஏமாந்த இடம் வேறு. தினசரிப் பணிகள் இந்த விளையாட்டில் நமக்கு இரவு 1.30-க்குத்தான் புதிதாகும். அது அந்த UTC+8 கணக்கில் விடிகாலை நாலு மணி. அதுதான் 'ஒரு நாள்' முடியும் நேரம் என்று இத்தனை நாளாக ஆடிப் பழகியிருக்கிறான். ஆனால் டாப்-அப் சலுகை அந்தக் கணக்கில் இல்லை, நள்ளிரவுக் கணக்கில் முடிந்தது. ஒரே விளையாட்டுக்குள் இரண்டு கடிகாரம். எங்கேயும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் அந்த விதிக்குள் இருந்தது. பணம் கட்டிய நேரம் செல்லாது, வைரம் கணக்கில் ஏறிய நேரம்தான் செல்லும். அதனால் கடைசி அரைமணியில் யுபிஐ-யை நம்பவே கூடாது. அடுத்தது, எடுக்காத பரிசு சலுகை முடிந்ததும் காலாவதி. சில விளையாட்டுகளில் எடுக்காததை உள்ளே இருக்கும் மெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வரும் என்று இருந்துவிட்டோம், வரவில்லை.

சலுகைக்குப் பணம் கட்டுமுன் அந்தக் கேள்விக்குறியைத் திறந்து UTC-க்குப் பக்கத்தில் என்ன எண் என்று பாருங்கள். வெறும் UTC என்றால் அவர்கள் நள்ளிரவு நமக்கு மறுநாள் காலை 5.30, அதில் நமக்கு லாபம்தான். UTC+8 என்றால் அதே நாள் இரவு 9.30. அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் என்றால் மறுநாள் காலை 9.30; நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்த பிறகு மார்ச் வரை 10.30. எந்த நேரம் என்றே எழுதவில்லையா, முகப்பில் இருக்கும் `1d`-யை நம்பாமல் உள்பக்கத்தில் மணிக்கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். அன்று இரவு உள்ளே போயிருந்தால் `1d 01h` என்று காட்டியிருக்கும், அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு படி தாண்டும்போதும் பரிசை அப்போதே எடுத்துவிடுங்கள்.

உதவி மையத்துக்கு எழுதினேன். ரசீது மெயிலில் இருந்த GPA என்று தொடங்கும் ஆர்டர் எண், யுபிஐ-யில் 9.20 காட்டும் படம், எல்லாம் அனுப்பினேன். "சலுகைக் காலம் முடிந்துவிட்டது" என்று இரண்டு வரி பதில். பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதால் அன்றிரவே கேட்டேன். அந்த 500 வைரத்தில் ஒன்றைக்கூடப் பையனைச் செலவழிக்க விடவில்லை. செலவழித்துவிட்டுத் திரும்பக் கேட்டால் கணக்கை முடக்கவும் வாய்ப்பு உண்டு. 449 ரூபாய் வந்தது, வைரத்தை எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று பரிசுக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அவை இன்னும் வரவில்லை.