குண்டு மிளகாய்த் தூள் என்று வாங்கி ஏமாந்தேன், நீங்களும் பார்த்து வாங்குங்கள்

தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீட்டில் பங்குனி பிறந்தால் ஒரு வருடத்துக்கான மிளகாய் வந்துவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் முண்டு மிளகாய்தான். நாங்கள் குண்டு மிளகாய் என்போம். காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து வைத்துக்கொள்வோம். இந்த வருடம் மகள் பிரசவத்தில் அதெல்லாம் தப்பிப்போயிற்று.

டவுனில் ஒரு கடையில் "வீட்டு முறையில் அரைத்த குண்டு மிளகாய்த் தூள்" என்று ஒட்டுச்சீட்டு போட்ட கவர்கள் தொங்கின. கிலோ 220 ரூபாய். அந்த வாரம் வற்றலே கிலோ 280க்கு விற்றது. காம்பும் ஈரமும் போனால் ஒரு கிலோ வற்றல் ஒரு கிலோ தூளாகாது. அதற்குமேல் அரைவைக் கூலி வேறு. வற்றலைவிடத் தூள் எப்படி மலிவாகும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இரண்டு கிலோ வாங்கினேன்.

அன்று சீலா மீன் குழம்பு வைத்தேன். புளிக்கரைசலில் தூளைப் போட்டவுடன் சட்டி முழுக்க குங்குமக் கரைசல்போல் சிவந்தது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிபோல் கெட்டியானது. இரண்டு கரண்டி கூடப் போட்டும் உறைப்பு ஏறவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினேன். விரல் நுனியில் சிவப்பு மறுநாள் காலை வரை இருந்தது.

என் மதினி தன் வீட்டில் அரைத்த தூளைக் கொண்டுவந்தார். இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினோம். அவருடையது கருஞ்சிவப்பு, விதை அரைபட்ட மஞ்சள் பொட்டுகள் ஊடே தெரிந்தன. என்னுடையது ஒரே சீரான பளீர்ச் சிவப்பு, ஒரு பொட்டுகூட இல்லை. பிறகு இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, கலக்காமல், மேலே ஒரு சிட்டிகை தூவினோம். மதினியின் தூள் மிதந்து, மெல்ல மெல்ல இறங்கியது. என்னுடையதிலிருந்து சிவப்பு இழைகள் நூல் நூலாக உடனே கீழே ஓடின. தண்ணீரில் கரையும் செயற்கைச் சாயம் சேர்த்திருந்தால் இப்படித்தான் ஓடும்.

ஆனால் இழை ஓடாவிட்டால் தூள் நல்லது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். சூடான் போன்ற சாயங்கள் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் சிக்காது. எண்ணெயில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் நல்ல மிளகாயின் நிறமும் எண்ணெயில் இறங்கும். அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

கெட்டியானதற்குக் காரணம் தேட டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டோம். என் தூள் கரைசல் கருநீலமானது: ஏதோ மாவு கலந்திருக்கிறது. இந்தச் சோதனையைத் தனி மிளகாய்த் தூளுக்கு மட்டும் செய்யுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் போட்டு அரைத்த குழம்புத் தூள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீலமாகும். நானே வீட்டுக் குழம்புத் தூளில் சொட்டுவிட்டு ஒரு நிமிடம் பதறிப்போனேன்.

கடைக்குப் போனேன். "அக்கா, நாங்கள் வாங்கி விற்கிறோம், அரைப்பது வேறு ஆள்" என்றார் கடைக்காரர். யார் என்று கேட்டால் பதில் இல்லை. கவரில் முகவரியும் இல்லை, தேதியும் இல்லை, 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் பாக்கெட் என்றாலே சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் தொகுதி எண் இருக்கும், கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கும். இந்தக் கவரை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது?

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 2006 சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். கலப்படம் நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அதனால் புகார் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மிச்சமிருந்த ஒன்றேமுக்கால் கிலோவில் ஒரு கவரை மட்டும் பிரிக்காமல் வைத்துவிட்டு, மற்றதை யாரும் எடுக்காதபடி கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். சந்தையில் வற்றல் வாங்கி மூன்று நாள் வெயிலில் போட்டிருக்கிறேன். நாளை மில்லுக்குப் போகிறேன். அரைத்து முடியும் வரை பக்கத்திலேயே நின்று, சூடு ஆறும் வரை தாளில் பரப்பிவைத்து, பிறகுதான் டப்பாவில் அடைப்பேன். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும். ஒட்டுச்சீட்டில் கடைப் பெயர்கூட இல்லாத அதே மாதிரிக் கவர் உங்கள் அடுக்களையில் இருந்தால், இன்றைய குழம்புக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்த்துவிடுங்கள்.